எட்டடி முதலாளியும் நாலடிக் கோடும்

வஹீதுன்னிசா என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவளுடைய புகுந்த வீட்டுச் சனங்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கணவர் அப்துல் ரசாக் பூந்தமல்லியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஊட்டுக்குள்ள ஆள் வைக்கிறா" என்பார். கேட்டவர்கள் அவளை வாடகை வீட்டுப் புரோக்கர் என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டு பெட்ரூம், தண்ணி வசதியோட இருந்தா சொல்லச் சொல்லுங்க பாய்" என்று போவார்கள்.

ரசாக் சொன்னதில் தப்பில்லை. வேலப்பன்சாவடியில், சர்வீஸ் ரோட்டை ஒட்டிய டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில், 'நிறைமதி நிவாஸ்' என்ற கட்டுமானக் கம்பெனியின் ஆபீஸ் இருக்கிறது. கம்பெனி கட்டும் அடுக்ககங்களைப் போட்டோ எடுத்து வருவார்கள். போட்டோவில் கட்டடம் இருக்கும், ஆள் இருக்காது. ஆள் இல்லாத கட்டடம் எவ்வளவு பெரியது என்று பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. அந்த வெற்றிடத்தில் லேப்டாப் பையோடு ஓர் இளைஞனையும், பலூன் பிடித்த குழந்தையையும், காய்கறிக் கூடையோடு சிரித்துக்கொண்டே நடக்கும் ஒரு பெண்ணையும் கொண்டுவந்து நிறுத்துவதுதான் வஹீதுன்னிசாவின் வேலை. காய்கறிக் கூடையோடு யார் சிரிப்பார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

பத்தொன்பது வயதில் பூந்தமல்லியில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் சேர்ந்தாள். அங்கே வெளிநாட்டிலிருந்து வர முடியாமல் போன அண்ணன், மாமன், மச்சான் எல்லாரையும் குடும்பப் படத்தில் ஒட்டவைக்கும் பொறுப்பு அவளுடையது. ஒரு கல்யாணத்தில், துபாயில் இருந்த மாப்பிள்ளையின் அண்ணனைப் பின்வரிசையில் ஒட்டினாள். பின்னால் நிற்பவர் என்பதால் கொஞ்சம் சின்னதாக்கி, மேலே ஏற்றி வைத்தாள். ஆல்பத்தைப் பார்த்த பெண்வீட்டார், "மாப்ள அண்ணன் இன்னா, ஒட்டகத்து மேல குந்திகினு வந்தாரா?" என்று கேட்டார்கள். ரெண்டு வீட்டுக்கும் பேச்சு முறிகிற அளவுக்குப் போயிற்று.

அந்த அவமானம் வஹீதுன்னிசாவை விடவில்லை. ஒரு வாரம் ஸ்டூடியோவில் கிடந்த கூட்டப் படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். ஈத்கா மைதானத்தில் பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் எழுந்து நிற்கும் படம் ஒன்று இருந்தது. முன்னால் நிற்பவர் முழங்கை நீளம், கடைசியில் நிற்பவர் விரல்நுனி அளவு. ஆனால் அத்தனை பேர் கண்ணும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தன. கால்கள்தான் மேலே கீழே இருந்தன. தூரத்தில் நிற்பவரின் கால் மேலே ஏறியிருந்தது, தலை ஏறவில்லை. மைதானத்துக் கடைசியில் வானம் தொடங்கும் இடமும் அதே கோடுதான். இன்னொரு படத்தை போட்டோகிராபர் படிக்கட்டில் ஏறி நின்று எடுத்திருந்தார். அதில் எல்லாத் தலையும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் அடிவானக் கோடு ஓடும். தரை சமமாக இருந்தால், ஒருவர் கிட்டே நின்றாலும் எட்ட நின்றாலும், அந்தக் கோடு அவருடைய உடம்பை ஒரே இடத்தில்தான் வெட்டும். அதற்குப் பிறகு அவள் ஒட்டிய யாரும் ஒட்டகத்தில் ஏறவில்லை.

நிறைமதி நிவாஸுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மேனாம்பேட்டில் கம்பெனி கட்டி முடித்த 'நிறைமதி கிராண்ட்' குடியிருப்பின் லாபி படத்தில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

படம் எடுத்தவர் ஜஸ்டின். கம்பெனிக்கு வழக்கமாகப் படம் எடுப்பவர், ஆவடிக்காரர். படம் வந்ததும் வஹீதுன்னிசா எப்போதும்போல அவருக்குப் போன் போட்டாள்.

"ஜஸ்டின், கேமரா எவ்ளோ ஒசரத்துல இருந்துச்சு?"

"நாலடி அக்கா. டேப் வெச்சு அளந்தேன். நீங்க கேப்பீங்கன்னு தெரியும்."

லாபிக்குள் அடிவானம் தெரியாது. ஆனால் தரை டைல்ஸின் கோடுகளும், மேலே கூரை ஓரத்தின் கோடுகளும் உள்நோக்கி ஓடுகின்றன. அவற்றை ஸ்கேல் வைத்து நீட்டினால் எல்லாம் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளி வழியாகக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அதுதான் நாலடிக் கோடு. ஐந்தடி நாலங்குல ஆள் லாபியில் எங்கே நின்றாலும், காலிலிருந்து கோடு வரை மூன்று பங்கு, கோட்டுக்கு மேலே ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஆறு பேரை நிறுத்தினாள். ஜன்னல் வெளிச்சம் வரும் பக்கம் பார்த்து நிழல் போட்டாள். அடுத்த நாள் முதலாளி அறைக்குப் படத்தைக் கொண்டுபோனாள்.

முதலாளி வீராசாமி முதலில் செங்கல் லாரி ஓட்டியவர். உழைத்து முன்னுக்கு வந்தவர். முன்னுக்கு வந்ததை யாராவது ஒரு நிமிஷம் மறந்துவிடுவார்களோ என்ற கவலை மட்டும் அவருக்கு உண்டு. அறையில் மார்க்கெட்டிங் பார்க்கும் ஷர்மிளாவும் இருந்தாள். திருச்சிப் பெண், முதலாளி எதைச் சொன்னாலும் அதில் ஒரு தொலைநோக்கு இருப்பதைக் கண்டுபிடிக்கும் திறமை உள்ளவள்.

"லாபி சின்னதா கீதேம்மா" என்றார் வீராசாமி.

"சார், கூரை பதினோரு அடி. பதினோரு அடியாத்தான் தெரியுது."

"பதினோரு அடின்னு தெரியறதுக்கா உன்ன வேலைக்கு வெச்சிக்கீறேன்? ஆளுங்கள கொஞ்சம் சின்னதாக்கு. லாபி தானா பெர்சாய்டும்."

"சார், எவ்ளோ சின்னதா?"

வீராசாமி திரையில் விரல் வைத்தார். "தோ, இந்தக் கோடு வரைக்கும்."

"அது நாலடி சார். நாலாங்கிளாஸ் புள்ளதான் அந்த ஒசரத்துல இருக்கும். இவரு மீசை வெச்சிருக்காரு."

"யாரும்மா டேப் எடுத்துகினு வந்து அளக்கப் போறான்?"

"சாரோட பார்வை வேற லெவல்" என்றாள் ஷர்மிளா. "ஆளுங்களைக் குறைச்சா ஸ்பேஸ் கூடுது. ஒரு செலவும் இல்லாம."

வஹீதுன்னிசா ஆறு பேரையும் நாலடியாக வெட்டினாள். எல்லாத் தலையும் கோட்டில் போய் வரிசையாக நின்றன. வேடிக்கை என்னவென்றால், படம் முன்னைவிட இயல்பாகத் தெரிந்தது. பார்க்கிற கண், இதை யாரோ தலை உயரத்தில் கேமரா பிடித்து எடுத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டது. பதினோரு அடிக் கூரை ஏறக்குறைய பதினைந்து அடியாகிவிட்டது. ஏழடிக் கதவு கோயில் கதவு மாதிரி ஓங்கி நின்றது. பொய்தான், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்திய பொய். ரிசப்ஷன் மேஜை மட்டும் வந்தவர்களின் கழுத்து வரை வந்தது. அதை மறைக்க முதலாளி ஒரு பெரிய பூந்தொட்டி வைக்கச் சொன்னார். விளம்பரக் கையேடு அச்சாயிற்று. எல்லாரும் பாராட்டினார்கள். வஹீதுன்னிசா அதில் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

கையேட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. வீராசாமிக்குக் குமணன்சாவடி ஜங்ஷனில் ஒரு பிரமாண்டமான விளம்பரப் பலகை கிடைத்தது. பெங்களூரு ரோட்டில் போகிற வருகிற எல்லாருக்கும் தெரிகிற இடம். அங்கே வெறும் லாபி போதாது என்று அவருக்குத் தோன்றியது.

"அதுல நான் நிக்கிறேன். ரெண்டு கையும் விரிச்சி, வாங்க வாங்கன்னு கூப்புட்ற மாதிரி."

ஸ்டூடியோவில் கோட்டு சூட்டோடு அவரைத் தனியாகப் படம் எடுத்தார் ஜஸ்டின். வஹீதுன்னிசா அவரை லாபியில், மற்ற ஆறு பேர் அளவிலேயே நிறுத்தினாள்.

வீராசாமி நீண்ட நேரம் பார்த்தார். "இது யாரும்மா, என் பக்கத்துல?"

"வாட்ச்மேன் சார். போன தடவ வெச்ச ஆறு பேர்ல ஒருத்தர்."

"அவன் தலையும் என் தலையும் ஒரே மட்டத்துல கீது."

"சார், எல்லார் தலையும் கோட்டுல நிக்குது. நீங்க ஒரே ஒசரம்தான் காட்டச் சொன்னீங்க."

"என்ன முன்னாடி இட்டுகினு வா."

அவள் அவரை முன்னால் கொண்டுவந்தாள். உருவம் பெரிதாயிற்று. கால் படத்தின் அடிவிளிம்புக்கே வந்துவிட்டது. தலை அதே கோட்டில்தான் நின்றது.

"இன்னாம்மா இது, தலை ஏற மாட்டேங்குது?"

"கிட்ட வந்தா கால்தான் கீழ எறங்கும் சார். தலை ஏறணும்னா ஆளே வளரணும்."

"அப்ப வளத்து வுடு."

ஷர்மிளா அவசரமாக, "சார் சொல்றது பிராண்ட் வால்யூ. தலைவர்னா தனியாத் தெரியணும் இல்ல" என்றாள்.

வஹீதுன்னிசா அவரை ஐந்தடி நாலங்குலத்துக்கு, அதாவது அவருடைய சொந்த உயரத்துக்கு வளர்த்தாள். போதவில்லை. ஆறடி ஆக்கினாள். "இன்னும் கொஞ்சம்" என்றார். ஏழடி ஆக்கியபோது, "சார், இதுக்கு மேல போனா நீங்க உங்க கதவுல நொழைய முடியாது" என்று உள்ளதைச் சொன்னாள்.

"நான் எதுக்கும்மா நொழையணும்? என் கதவு. நான் வெளிய நின்னுகினு வாங்கன்னு கூப்புட்றேன்."

கடைசியில் நாலடிக் கோடு அவருடைய இடுப்பைத் தொட்டபோது, "ஆங், அங்க நிறுத்து" என்றார். சரியாக எட்டடி. மற்றவர்களின் தலை எல்லாம் அவருடைய இடுப்பு மட்டத்தில் நின்றன. வஹீதுன்னிசா ஒரு காகிதத்தில் 'முதலாளி எட்டடி, மற்றவர்கள் நாலடி, கூரை பதினோரு அடி' என்று எழுதி, ஒப்புதல் கையெழுத்து கேட்டாள். வீராசாமி படிக்காமலே போட்டார். அவருடைய கையெழுத்தும் பெரியதுதான்.

பலகை ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏறியது. அன்று மதியத்திலிருந்து ஆபீஸ் போன் ஓயவில்லை. ஷர்மிளா முகம் மலர்ந்து முதல் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ, யூகேஜிக்கு அட்மிஷன் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சாரி மேடம், இது ஸ்கூல் இல்லை. நிறைமதி நிவாஸ்."

"அதான், குமணன்சாவடி போர்டுல பாத்தேன். பஸ்ல வந்துகினு இருந்தேன், முழுசா படிக்கல. கரஸ்பாண்டண்ட் சாரு கைய விரிச்சிகினு நிக்கிறாரு, கொழந்தைங்க மாறுவேஷப் போட்டியில பொடவ கட்டிகினு, லேப்டாப் பையி மாட்டிகினு... ரொம்ப அழகா கீது மேடம். வேன் வசதி உண்டா?"

ஷர்மிளா ஸ்பீக்கரை அணைத்தாள். மாலைக்குள் பதினேழு பேர் அட்மிஷன் கேட்டார்கள். ஒருவர் தமிழ் மீடியம் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர் மீசை வைத்த அந்தப் பையனுக்கு மேக்கப் போட்டவரின் நம்பர் கேட்டார்.

வீடு வாங்க நினைத்தவர்களும் கூப்பிட்டார்கள். அதுதான் இன்னும் மோசம். ஆக்னஸ் என்ற பெண் நேரிலேயே வந்துவிட்டாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி, அம்பத்தூரில் ஐடி கம்பெனியில் வேலை; மேனாம்பேட்டில் மூன்றாவது மாடியில் வீடு பதிவு செய்திருந்தாள். முதலாளி அறையில் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள்.

"சார், கையேட்டுல லாபி பதினஞ்சு அடி மாதிரி இருந்துச்சு. போர்டுல பாத்தா உங்க தலைக்கு மேல ரெண்டு மூணு அடிதான் இருக்கு. கூரை ஏழரை அடிதானா? எங்க வீட்டுக்காரர் ஆறடி. கைய தூக்கினா ஃபேன்ல இடிச்சிருமே."

"இல்லம்மா, கூரை பதினோரு அடி."

"அப்ப நீங்க எவ்வளவு சார்?"

வீராசாமி எழுந்து நின்றால் பதில் தெரிந்துவிடும் என்பதால் நாற்காலியை மேஜைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டார்.

ஆக்னஸ் போனபின் வஹீதுன்னிசாவைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தினார். ஒன்பது வருஷ அனுபவம் இருந்தும் கம்பெனியைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டாள் என்றார். ஷர்மிளா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு அந்த ஆறு பேரை வெட்டினோமே என்ற கோபம் வஹீதுன்னிசாவுக்குத் தன்மேலேயே வந்தது. கையெழுத்துக் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"சார், கோட்ட நான் உண்டாக்கல. கேமரா எங்க இருந்துச்சோ அங்க அது இருக்கு. நீங்க மத்தவங்கள சின்னதாக்கினீங்க, லாபி பெர்சாச்சு. நீங்க பெர்சானீங்க, அதே லாபி சின்னதாயிடுச்சு. பாக்கறவன் ஆள வெச்சுத்தான் சார் கட்டடத்த அளக்குறான். அந்தப் போர்டுல பெரிய ஆளு நீங்கதான். அதனால உங்கள வெச்சு அளந்துட்டான்."

வீராசாமி காகிதத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தார். 'எட்டடி' என்ற சொல்லையும் பார்த்தார். சற்றுத் தணிந்த குரலில், "அப்ப நானும் பெர்சா தெரியணும், லாபியும் பெர்சா தெரியணும்னா வழியே இல்லையா?" என்று கேட்டார். அவருடைய வாழ்க்கையின் கேள்வியே அதுதான் என்று வஹீதுன்னிசாவுக்குத் தோன்றியது.

"இருக்கு சார். கேமராவ எறக்கணும். யாரையும் வளக்க வேணாம்."

மறுநாள் மேனாம்பேட்டு லாபியில், ஜஸ்டின் கேமராவைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைத்தார். வீராசாமி நிஜமாகவே நடுவில் நின்றார். கோடு இப்போது அவருடைய முழங்காலுக்குச் சற்று மேலே வெட்டியது. காலிலிருந்து கோடு வரை எட்டில் மூன்று பங்கு, மீதி ஐந்து பங்கு ஆள் கோட்டுக்கு மேலே. கூரையும் அதேபோல் கோட்டுக்கு மேலே ஓங்கிப் போனது. அவர் கம்பீரமாக இருந்தார். லாபி அவரைவிடக் கம்பீரமாக இருந்தது. கதவு அவர் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது. பக்கத்தில் நிஜ வாட்ச்மேன் நின்றார். அவர் முதலாளியைவிட நாலங்குலம் உயரம்.

"இவர் மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்த வீராசாமி, வஹீதுன்னிசாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாட்ச்மேனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக முதலாளி நிற்க, தான் உட்கார்ந்த வாட்ச்மேன், படம் முடியும்வரை மூச்சு விடவில்லை.

புதுப் பலகை ஏறியது. அட்மிஷன் கேட்டு யாரும் கூப்பிடவில்லை. கையேடும் மாறியது, ஆறு பேரும் சொந்த உயரத்துக்குத் திரும்பினார்கள். எல்லாம் சரியானபின் வீராசாமி ஒரு முடிவுக்கு வந்தார். நிஜ ஆளையே நிற்கவைத்துப் படம் எடுக்க முடிகிறபோது, ஆள் வைக்க ஓர் ஆள் எதற்கு? வஹீதுன்னிசாவை வேலையிலிருந்து நிறுத்தினார். ஷர்மிளா பூங்கொத்து கொடுத்து, "சாரோட எஃபிஷியன்சி" என்றாள்.

வஹீதுன்னிசா அழவில்லை. நேராகக் கடைக்குப் போய், ஒரு கிரைண்டரைப் பிரித்துப் போட்டிருந்த ரசாக்கிடம் சொன்னாள். "உண்மையக் காட்டுனதுக்குப் போயிடுச்சுங்க."

"வுடு. அவன் திரும்பக் கூப்புடுவான் பாரு."

"எப்படிச் சொல்றீங்க?"

"கட்டுன ஊட்டுல ஆள நிறுத்தலாம். கட்டாத ஊட்டுல எவன நிறுத்துவான்? அவன் பாதிக்கு மேல கட்டாத ஊட்டத்தானே விக்கிறான்?"

ரசாக் சொன்ன மாதிரியே ஐந்தாவது வாரம் ஷர்மிளா போன் செய்தாள். ஆவடிக்கு அப்பால் கம்பெனி மனை போட்டிருந்தது. முள்ளுச்செடியும் கற்களும் ஒரு காம்பவுண்டுச் சுவரும் மட்டும் உள்ள நிலம். ஜஸ்டின் ட்ரோன் விட்டுப் படம் எடுத்திருந்தார். யாரோ புதிதாக வந்தவர் அதில் ஆள் வைத்தார்; ஆட்கள் பனைமரம் அளவுக்கு வந்து, நிலம் பேட்மிண்டன் கோர்ட் மாதிரி ஆகிவிட்டது.

வஹீதுன்னிசா ஒரு நிபந்தனை சொன்னாள். இனி அவள் வைக்கும் ஆளின் உயரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. முதலாளியும்தான். ஷர்மிளா கேட்டுச் சொல்வதாகப் போனை வைத்துவிட்டு, ரெண்டு நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டாள். "சார் சரின்னுட்டாருங்க."

ஜஸ்டினுக்குப் போன் போட்டாள். ட்ரோன் முப்பத்திரண்டு அடி உயரத்தில் நின்றது என்று பதிவில் இருந்தது. தூரத்து மரங்களின் உச்சியைத்தான் புதியவர் அடிவானம் என்று எடுத்து, ஆட்களின் தலையை அதில் வைத்திருந்தார். அது தப்பு, உயரமான மரம் கோட்டைத் தாண்டி நிற்கும். நேராக ஓடும் காம்பவுண்டுச் சுவரின் அடிக்கோட்டையும் மேல்கோட்டையும் நீட்டி, சேரும் இடத்தைப் பிடித்து, மரங்களின் நடுவில் கோட்டை இழுத்தாள். முப்பத்திரண்டு அடிக் கோட்டுக்கு ஐந்தடி நாலங்குல ஆள், காலிலிருந்து கோடு வரையுள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவுதான். மனிதர்கள் சின்னஞ்சிறிதாக நின்றார்கள். நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்தது.

வீராசாமி படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "இதத்தான் நான் மொதல்லேர்ந்து சொல்லிகினு கீறேன். ஆளச் சின்னதாக்கு, எடம் பெர்சாவும்னு. அப்ப யாரு கேட்டீங்க?"

"சார் சொன்னது இப்பதான் எல்லாருக்கும் புரியுது" என்றாள் ஷர்மிளா.

இந்த முறை ஆட்கள் தங்கள் அளவில் இருந்தார்கள். அது போதும் என்று வஹீதுன்னிசா நினைத்தாள்.

"சார், உங்கள எங்க நிறுத்தட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

வீராசாமி அந்த ஆட்களில் ஒருவர்மேல் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். நகத்துக்கு அடியில் அந்த ஆள் முழுதாக மறைந்துபோனார். அடுத்தவர்மேல் வைத்தார், அவரும் மறைந்தார்.

"என்ன நிறுத்த வேணாம்" என்றார். "லோகோ போட்டுடு. வானத்துல. அங்க கோடு கெடையாது இல்ல?"

"கெடையாது சார்."

"அப்ப பெர்சாவே போடு."

அவள் போட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கி, பூந்தமல்லி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.